பன்னிரண்டரை மணிக் கூட்டம்

எம்சிஎக்ஸ் சந்தையில் தங்க மினி ஒப்பந்தத்தை வாங்கி விற்கத் தொடங்கிய காலத்தில், என் குறிப்பேட்டில் ஒரே மாதிரியான இழப்பு மறுபடியும் மறுபடியும் பதிவாகிக்கொண்டிருந்தது. காலை முழுவதும் விலை ஒரு குறுகிய வரம்புக்குள் அசைந்துகொண்டிருக்கும். பிற்பகல் பன்னிரண்டரை மணியளவில் அந்த வரம்பின் மேல் விளிம்பையோ கீழ் விளிம்பையோ உடைத்துக்கொண்டு வெளியே வரும். கைமாறிய ஒப்பந்தங்களின் எண்ணிக்கையைக் காட்டும் வால்யூம் தூண் மற்றவற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்து நிற்கும். வால்யூம் துணையோடு வரும் பிரேக்அவுட்டை நம்பலாம் என்று எல்லோரையும் போல நானும் கற்றிருந்ததால், அந்தத் திசையிலேயே இறங்குவேன். ஒன்றே கால் மணிக்குள் விலை மீண்டும் வரம்புக்குள் வந்துவிடும். இழப்பை நிறுத்த வைத்திருந்த ஸ்டாப் லாஸ் ஆணை அடிபடும். சில நாட்களில் மறு விளிம்பையும் உடைத்துவிட்டு, மாலையில் முதலில் உடைத்த திசையிலேயே விலை போய்ச் சேர்ந்திருக்கும்.

இழப்பைவிட என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. நான் விதியை மீறவில்லை. வால்யூம் இல்லாத உடைப்பில் இறங்கித் தோற்றிருந்தால் அவசரப்பட்டுவிட்டேன் என்று என்னையே கண்டித்துக்கொண்டிருக்கலாம். இங்கே வால்யூம் இருந்தது, திரையில் கண்ணுக்கு நேராக இருந்தது. அப்படியிருந்தும் உடைப்பு நிற்கவில்லை என்றால், வால்யூம் பொய் சொல்கிறது, அல்லது நான் அதைத் தவறாகப் படிக்கிறேன். இந்த இரண்டில் எது என்று தெரியாமல் பல மாதங்கள் கழிந்தன.

2021 ஜூலையில் கோயம்புத்தூரில் ஒரு தரகு அலுவலகத்துக்குப் போயிருந்தபோது, அங்கே நெடுநாளாக வணிகம் செய்துவரும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் என் கைபேசியில் இருந்த வரைபடத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, சாப்பாட்டுக் கடையில மத்தியானம் ஒரு மணிக்குக் கூட்டம் நிக்குதுன்னா, அந்தக் கடை நல்லா ஓடுதுன்னு அர்த்தங்களா?"

"எல்லாக் கடையிலயும் அந்நேரத்துக்குக் கூட்டம் இருக்குமுங்களே, ஐயா."

"அதேதானுங்க. நேத்து ஒரு மணிக்கு எத்தனை பேரு, இன்னைக்கு ஒரு மணிக்கு எத்தனை பேருன்னு எண்ணோணும். நீங்க பதினொரு மணியோட சேர்த்து எண்ணிப்போட்டீங்க."

அன்று மாலை பேருந்தில் திரும்பும்போது அந்தச் சொற்களை மட்டுமே நினைத்துக்கொண்டு வந்தேன். என் கணக்கில் இருந்த பிழை அவ்வளவு எளிமையானதாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நாளின் மூன்று அமர்வுகள்

தங்கத்தின் விலை எம்சிஎக்ஸில் உருவாவதில்லை. நியூயார்க்கின் காமெக்ஸ் ஒப்பந்தமும் லண்டனின் நேரடிச் சந்தையும் டாலரில் தீர்மானிக்கும் விலையை, ரூபாய் மதிப்பாலும் இறக்குமதி வரியாலும் பெருக்கித்தான் நாம் இங்கே பார்க்கிறோம். காமெக்ஸ் ஒப்பந்தம் ஒன்று 100 டிராய் அவுன்ஸ். நம் மினி ஒப்பந்தம் 100 கிராம். ஆகவே உடைப்பு உண்மையானதா என்று கேட்க வேண்டிய இடம் காமெக்ஸின் வால்யூம்தான். எம்சிஎக்ஸின் வால்யூம், நம் ஊர் ஆட்கள் அந்த உடைப்பைப் பார்த்துவிட்டார்களா என்பதை மட்டுமே சொல்லும்.

காமெக்ஸ் மின்னணுச் சந்தை நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மட்டுமே மூடியிருக்கும். அமெரிக்காவில் கோடைக்கால நேரம் நடக்கும்போது, நம் கடிகாரப்படி அதிகாலை மூன்றரைக்கு அது திறக்கிறது. ஐந்தரைக்கு டோக்கியோ விழிக்கிறது. ஆறரைக்கு ஷாங்காய் திறந்ததும் ஆசிய அமர்வுக்கு உயிர் வருகிறது. பிற்பகல் பன்னிரண்டரைக்கு லண்டன் வந்து சேர்கிறது. மாலை 5.50 மணி, வணிகர்கள் கூவி வாங்கி விற்ற காமெக்ஸின் பழைய களம் திறந்த நேரம். அந்தக் களம் போய்விட்டாலும், அந்த நேரத்துப் பரபரப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது. ஆறு மணிக்கு அமெரிக்காவின் முக்கியமான பொருளாதாரப் புள்ளிவிவரங்கள் வெளியாகின்றன. ஏழரைக்கு லண்டனின் பிற்பகல் ஏலம் நடக்கிறது. இரவு பதினொரு மணிக்குக் காமெக்ஸின் அன்றைய தீர்வு விலை குறிக்கப்படுகிறது. வழக்கமான நாளில் வால்யூம் ஆசியாவில் மிகக் குறைவாகவும், லண்டனில் நடுத்தரமாகவும், லண்டனும் நியூயார்க்கும் ஒன்றாக விழித்திருக்கும் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை உச்சத்திலும் இருக்கும்.

இந்த அமைப்பை அறியாதவர் எவரும் இந்தச் சந்தையில் இருக்க முடியாது. எனக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்திருந்தும், வரைபடத்தில் வால்யூமுக்கு மேல் நான் போட்டு வைத்திருந்த 20 கேண்டில் சராசரிக் கோட்டை ஒரு நாளும் சந்தேகித்ததில்லை. பதினைந்து நிமிட வரைபடத்தில் 20 கேண்டில் என்றால் ஐந்து மணி நேரம். பிற்பகல் பன்னிரண்டரைக்கு லண்டன் திறக்கும்போது அந்தக் கோடு எந்த ஐந்து மணி நேரத்தைச் சராசரி எடுத்திருக்கும்? காலை ஏழரையிலிருந்து. அதாவது முழுக்க ஆசிய அமர்வை. அதிலும் ஷாங்காய் சந்தைக்குக் காலை அமர்வு முடிந்து மதிய இடைவேளை வரும் நேரம், நமக்கு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. இருபது கேண்டில்களில் எட்டு, சீனர்கள் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில் உருவானவை. அப்படிப்பட்ட ஒரு தாழ்ந்த கோட்டோடு ஒப்பிட்டால், லண்டனின் முதல் கேண்டில் எந்த நாளிலும் இரண்டு மடங்காகத்தான் தெரியும். அது அன்றைய உடைப்பைப் பற்றி எதையும் சொல்லவில்லை. லண்டன் திறந்துவிட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. அதை அறியக் கடிகாரமே போதும்.

கணக்கின் போக்கு புரிவதற்காக முழு எண்களை வைத்துக்கொள்வோம். முந்தைய 20 கேண்டில்களின் சராசரி 1,500 ஒப்பந்தங்கள். உடைத்த கேண்டிலில் 3,600. பழைய முறைப்படி இது 2.4 மடங்கு, உடனே இறங்க வேண்டிய உடைப்பு. ஆனால் கடந்த 20 வர்த்தக நாட்களில் இதே பன்னிரண்டரை மணிக் கேண்டில்களின் நடு மதிப்பு 4,000 என்று வையுங்கள். 3,600 அதில் 0.9 பங்குதான். வழக்கமாக வருகிற கூட்டத்தைவிடக் குறைவான கூட்டத்தோடு நடந்த உடைப்பை, பெருங்கூட்டம் தள்ளிய உடைப்பாக நான் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதே பிழை இரவில் தலைகீழாக வேலை செய்கிறது என்பதையும் பிறகு கண்டேன். இரவு ஒன்பது மணிக் கேண்டிலுக்கு முந்தைய ஐந்து மணி நேரத்தில் நாளின் உச்ச வால்யூம் அடங்கியிருக்கிறது. அந்த நேரத்துக்கு உரிய வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு வால்யூமோடு ஓர் உடைப்பு வந்தாலும், சராசரிக் கோட்டுக்குக் கீழே அது சோர்ந்து தெரியும். பிற்பகலில் நம்பக் கூடாதவற்றை நம்பி இறங்கிய நான், இரவில் நம்ப வேண்டியவற்றை வால்யூம் போதாது என்று ஒதுக்கியிருந்தேன்.

ஒவ்வொரு நேரத்துக்கும் அதற்குரிய அளவுகோல்

முதல் சில வாரங்கள் இதைக் கையால்தான் செய்தேன். நாளின் ஒவ்வொரு பதினைந்து நிமிடத்துக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு வர்த்தக நாளுக்கும் ஒரு பத்தி. பிறகு கணினிக்கு மாற்றினேன். ஒரு கேண்டிலின் வால்யூமை அதே நேரத்தின் நடு மதிப்பால் வகுத்து வரும் விகிதம்தான் என் அளவுகோல். தெரிந்தவர்களுக்குப் பயன்படும் என்பதால் அந்தக் கணக்கை அப்படியே தருகிறேன்:

```
df = df.tz_convert("America/New_York")
slot = df.index.strftime("%H:%M")
base = df.groupby(slot)["volume"].transform(
    lambda s: s.shift(1).rolling(20).median())
df["rvol"] = df["volume"] / base
```

இதில் இரண்டு இடங்கள், நான் முன்பு சறுக்கிப் பிறகு திருத்திக்கொண்டவை. முதலாவது, கூட்டுச் சராசரிக்குப் பதிலாக நடு மதிப்பை எடுத்திருப்பது. அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, கோடையில் மாலை ஆறு மணிக்கு வரும். அந்த ஒரு கேண்டிலின் வால்யூம் மற்ற நாட்களின் ஆறு மணிக் கேண்டிலைப் போலப் பல மடங்கு இருக்கும். சராசரி எடுத்தால் அந்த ஒரு நாள் அடுத்த இருபது நாட்களின் அளவுகோலையும் உயர்த்திவிடும். நடு மதிப்பு அதனால் அசையாது.

இரண்டாவது, நேரத்தை நியூயார்க் கடிகாரத்துக்கு மாற்றியிருப்பது. இந்தியாவில் கடிகாரம் ஆண்டு முழுவதும் ஒன்றுதான்; அங்கே அப்படியில்லை. மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்கா கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது, அதே மாதத்தின் கடைசி ஞாயிறு பிரிட்டன் தள்ளுகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறு பிரிட்டன் பின்னே இழுக்கிறது, நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்கா இழுக்கிறது. நம் நேரப்படியே கணக்கு வைத்திருந்தால், நவம்பரில் மாலை ஏழு மணிக்கு வரும் அமெரிக்கப் புள்ளிவிவரக் கேண்டிலை, அக்டோபரின் ஏழு மணிக் கேண்டிலோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். நியூயார்க் நேரம் இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்க்கும். ஆனால் இரு நாடுகளும் ஒத்துப்போகாத அந்தச் சில வாரங்களில் லண்டன் கேண்டில்களும், அமெரிக்கா கடிகாரத்தை மாற்றியதிலிருந்து, கடிகாரமே மாறாத ஷாங்காய், டோக்கியோ கேண்டில்களும் ஒரு மணி நேரம் இடம் மாறியிருக்கும். அந்த வாரங்களில் லண்டன் திறப்பின் விகிதத்தை நான் நம்புவதில்லை.

நேரடித் தங்கத்துக்கான XAUUSD வரைபடத்தில் தெரியும் வால்யூமை இந்தக் கணக்கில் போடக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நேரடிச் சந்தை ஒரு கூரையின் கீழ் நடப்பதில்லை; வங்கிகளும் வணிகர்களும் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் அவை. அந்த வரைபடத்தில் வால்யூம் என்று காட்டப்படுவது பெரும்பாலும் விலை எத்தனை முறை மாறியது என்ற எண்ணிக்கைதான். எத்தனை அவுன்ஸ் கைமாறியது என்பது அதில் இல்லை.

2021 ஆகஸ்ட்: ஒரு வெள்ளியும் ஒரு திங்களும்

இந்தப் புதிய அளவுகோலோடு நான் மிகவும் நிம்மதியாக இருந்த ஒரு மாதத்துக்குள்ளேயே, அது மட்டும் போதாது என்று காட்டும் இரண்டு நாட்கள் அடுத்தடுத்து வந்தன.

2021 ஆகஸ்ட் 6, வெள்ளிக்கிழமை. மாலை ஆறு மணிக்கு அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை வந்தது. ஜூலையில் 9,43,000 வேலைகள் கூடியிருந்தன. சந்தை எதிர்பார்த்ததைவிட அது அதிகம். அதுவரை 1,800 டாலரை ஒட்டி நின்ற தங்கம் நேராகக் கீழே இறங்கி, பல நாட்களாகத் தாங்கி வந்த 1,790 பகுதியை உடைத்து, 1,763 டாலர் அளவில் அந்த வாரத்தை முடித்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது ஆறு மணிக் கேண்டிலை அல்ல. அது உயரும் என்பது முன்பே தெரியும். அதற்குப் பிறகு வந்த கேண்டில்களைத்தான் பார்த்தேன். ஆறே கால், ஆறரை, ஏழு என ஒவ்வொன்றும் அதனதன் நேரத்து வழக்கத்தைவிட மேலேயே நின்றது. விலை சற்று மேலெழுந்தபோது வால்யூம் தளர்ந்தது, இறங்கியபோது மீண்டும் பெருகியது. அந்த உடைப்பு நின்றது. அடுத்த வாரம் முழுவதும் விலை 1,790 டாலருக்கு மேல் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை. நாம் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் காமெக்ஸ் திறந்தது. அன்று ஜப்பானுக்கு விடுமுறை. சிங்கப்பூருக்குத் தேசிய நாள், அங்கும் விடுமுறை. ஷாங்காய் திறக்க இன்னும் நேரம் இருந்தது. விடிவதற்கு முன்னான சில நிமிடங்களில், தங்கம் 1,760 அளவிலிருந்து 1,700 டாலரை உடைத்து 1,680களுக்கு விழுந்தது. காலையில் எழுந்து அந்தக் கேண்டிலைப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. வெள்ளியன்று உடைந்தது நின்றிருக்கிறது. இப்போது 1,700 என்ற பெரிய எண்ணும் உடைந்திருக்கிறது. அந்த நேரத்தின் வழக்கத்தோடு ஒப்பிட்டால் வால்யூம் பல மடங்கு. என் புதிய கணக்குப்படி இதைவிட உறுதியான உடைப்பு இருக்க முடியாது. ஒன்பது மணிக்கு எம்சிஎக்ஸ் திறந்ததும் விற்றுவிட வேண்டும் என்று கை துடித்தது.

விற்கவில்லை. அதற்குத் தெளிவான காரணம் எதுவும் அப்போது என்னிடம் இல்லை. ஒன்பது மணிக்குப் பார்த்தால் விழுந்ததில் பாதிக்கு மேல் ஏற்கெனவே மீண்டிருந்தது என்பதுதான் தடுத்தது. அன்று தங்கம் 1,700 டாலருக்கு நன்றாக மேலேயே நாளை முடித்தது. அந்த வாரத்தின் முடிவில் 1,780 டாலரை ஒட்டி வந்துவிட்டது. மறுபடியும் 1,700 டாலருக்குக் கீழே போக ஏறத்தாழ ஓராண்டு, 2022 ஜூலை வரை ஆனது.

இந்த இரண்டு நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல முறை பார்த்திருக்கிறேன். இரண்டுமே கீழ்நோக்கிய உடைப்பு. இரண்டிலும் அந்தந்த நேரத்துக்கு மிஞ்சிய வால்யூம். ஒன்று நின்றது, மற்றது சில மணி நேரங்கள்கூட நிற்கவில்லை. வேறுபாடு எங்கே இருக்கிறது?

வெள்ளியன்று விற்றவர்களுக்கு எதிரே வாங்குபவர்கள் இருந்தார்கள். லண்டனும் நியூயார்க்கும் ஒன்றாக விழித்திருந்த நேரம் அது. ஒவ்வொரு விலைப்படியிலும் வாங்குவதற்கான ஆணைகள் அடுக்கியிருந்தன. அத்தனை பேரையும் மீறித்தான் விலை இறங்கியது. வாங்கியவர்கள் வாங்கிய பிறகும், விற்க வேண்டியவர்கள் மீதம் இருந்தார்கள். திங்களன்று எதிரே ஆள் இல்லை. விலைப்படிகளில் ஆணைகள் மெலிந்திருந்த நேரத்தில் ஒரு பெரிய விற்பனை வந்து, அடுத்தடுத்த படிகளைத் தின்றுகொண்டே போனது. 1,750, 1,700 போன்ற முழு எண்களுக்குக் கீழே எல்லோரும் வைத்திருக்கும் ஸ்டாப் லாஸ் ஆணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. ஒவ்வொரு ஸ்டாப் லாஸும் ஒரு விற்பனையாக மாறி, அதே வால்யூம் தூணில் சேர்ந்தது. அந்தத் தூண் உயர்ந்ததற்குக் காரணம், தங்கம் இனி இந்த விலைக்குப் பெறாது என்று நினைத்து விற்றவர்கள் மட்டுமல்ல. விற்க விரும்பாமலே விற்க வைக்கப்பட்டவர்களும்தான். அவர்கள் தீர்ந்ததும் விற்க அங்கே ஆள் இல்லை. ஆறரைக்கு ஷாங்காய் திறந்தபோது, முந்தைய வாரத்தைவிட மலிவாகக் கிடக்கும் தங்கத்தை வாங்க ஆள் இருந்தது.

வால்யூம் தூண் இந்த இருவகை விற்பனையையும் ஒன்றாகவே காட்டும். பிரித்துக் காட்டுவது அடுத்து வருகிற கேண்டில்கள். வெள்ளியன்று உடைத்த பிறகும் வால்யூம் அதன் நேரத்து வழக்கத்துக்கு மேல் நின்றது, விலையும் உடைத்த இடத்துக்கு வெளியே வணிகமானது. திங்களன்று ஒரு கணம் வெடித்து அடங்கியது. 1,700 டாலருக்குக் கீழே விலை தங்கிய நேரம் மிகக் குறைவு. உடைத்த கேண்டிலின் உயரத்தை எண்ணுவதை அன்றோடு நிறுத்தினேன். அதற்குப் பின் வரும் மூன்று கேண்டில்களை எண்ணத் தொடங்கினேன்.

எந்த அமர்வு உடைக்கிறது, எந்த அமர்வு ஏற்கிறது

இதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் உருவானது. ஓர் அமர்வு உடைத்ததை அதே அமர்வை வைத்து மதிப்பிடாமல், அடுத்து வரும் பெரிய அமர்வு என்ன செய்கிறது என்று பார்ப்பேன்.

ஆசிய அமர்வின் உடைப்பு என்றால் லண்டனின் முதல் ஒரு மணி நேரம்தான் அதற்குத் தேர்வு. உடைத்த இடத்துக்கு வெளியே விலை இருக்கும்போதே லண்டனின் வால்யூம் அதன் சொந்த வழக்கத்துக்கு மேல் வந்தால், புதிதாக வந்தவர்களும் அந்த விலையை ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று பொருள். லண்டன் வந்ததும் விலை வரம்புக்குள் இழுக்கப்பட்டால் ஆசியாவின் உடைப்பு அத்தோடு முடிந்தது.

லண்டன் திறப்பின் உடைப்புதான் மிகவும் ஏமாற்றும். ஆசிய வரம்பு குறுகலாக இருப்பதால் அதன் இரு விளிம்புகளுக்கும் வெளியே ஸ்டாப் லாஸ் ஆணைகள் நெருக்கமாகக் குவிந்திருக்கும். அமர்வு திறக்கும்போது வரும் சற்றே பெரிய ஆணை ஒன்றே அவற்றைத் தட்டிவிடப் போதும். அதுவும் திங்கட்கிழமை விடியற்காலையின் சிறிய வடிவம்தான். அதன் அடையாளத்தை இப்போது ஓரளவு தெரிந்துகொள்கிறேன்: முதல் கேண்டிலின் விகிதம் 1.8 அல்லது 2 என்று உயரும், இரண்டாவது 0.8க்கு வந்துவிடும், விலை உடைத்த விளிம்புக்கு மேலேயே ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கும். நிற்கப்போகும் உடைப்பில் இரண்டாவது, மூன்றாவது கேண்டில்களும் 1க்குக் கீழே வருவதில்லை. விலை திரும்பி விளிம்பைத் தொட வரும்போது மட்டும் வால்யூம் வற்றும். மூன்றாவதாக ஒரு நிலை உண்டு, அதைக் கண்டுகொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று: வால்யூம் வழக்கத்தைவிட மிக அதிகம், ஆனால் விலை விளிம்பிலிருந்து ஓரிரு டாலருக்கு மேல் போக மறுக்கிறது. யாரோ பெரிய அளவில் எதிரே நின்று வருவதையெல்லாம் வாங்கிக்கொள்கிறார்கள், அல்லது கொடுக்கிறார்கள். அங்கே வால்யூம் உடைப்புக்கு எதிரான சாட்சி.

நியூயார்க் அமர்வின் உடைப்பைப் புள்ளிவிவரம் வந்த கேண்டிலை வைத்து மதிப்பிடுவதில்லை. ஆறு மணிக்கு இரண்டு பக்கத்து ஸ்டாப் லாஸ்களையும் துடைத்துவிட்டு, ஆறே கால் முதல் ஏழரை மணி ஏலம் வரை சந்தை எந்தப் பக்கம் நிலைகொள்கிறது என்று பார்ப்பேன். ஏலம் முடிந்த பிறகும் உடைத்த இடத்துக்கு வெளியே நிற்பதை நான் அதிகம் நம்புகிறேன். மற்ற இரு அமர்வுகளின் உடைப்பைவிட இந்த உடைப்புகளே நாளைக் கடந்தும் நிற்பதை அதிகம் கண்டிருக்கிறேன். இதைவிடப் பெரிய கூட்டம் அடுத்து வரப்போவதில்லை என்பதே அதற்குக் காரணமாக எனக்குப் படுகிறது.

இந்தக் காத்திருப்புக்கு விலை உண்டு. மூன்று கேண்டில்கள் கழித்து இறங்கும்போது விலை தள்ளிப் போயிருக்கும்; ஸ்டாப் லாஸை அதே விளிம்புக்குள் வைத்தால் தூரம் கூடும், ஆகவே ஒப்பந்தங்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியிருக்கும். திரும்பியே பார்க்காமல் ஓடும் உடைப்புகள் முழுவதுமாகக் கைவிட்டுப் போகும். ஆண்டுக்குச் சில முறை அப்படி நடக்கிறது, நடக்கும்போது வலிக்கிறது. பன்னிரண்டரை மணிக்கு நான் கொடுத்துவந்த வரியோடு ஒப்பிட்டால், அதை ஏற்றுக்கொள்ள முடிகிறது.

ஆசியா தூங்காத மாதங்கள்

இதையெல்லாம் எழுதும்போது, ஆசிய அமர்வின் உடைப்பு எப்போதும் பொய் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நானே சில காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2024 மார்ச், ஏப்ரல் மாதங்களில் தங்கம் புதிய உச்சங்களைத் தொட்டுக்கொண்டே போனபோது, ஏற்றத்தில் கணிசமான பகுதி நம் காலை நேரத்தில் நடந்தது. ஷாங்காய் எதிர்காலச் சந்தையில் தங்கத்தின் வணிகம் அந்த ஏப்ரலில் பெரிதாகப் பொங்கியது. காலை ஏழு மணிக்கு உடைத்த விலை பிற்பகல் லண்டன் வந்தபோதும் நின்றது, மாலை நியூயார்க் வந்தபோதும் நின்றது. ஆசியாவை நம்பாதே என்று அமர்வின் பெயரை வைத்து விதி செய்துகொண்டவர்கள் அந்த மாதங்களில் வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதன் நேரத்து வழக்கத்தோடு ஒப்பிட்டவர்களுக்கு, ஆறரை மணிக் கேண்டில்களின் விகிதம் நாள் தவறாமல் உயர்ந்து நிற்பது தெரிந்திருக்கும். ஆசிய அமர்வு சிறியது என்பது அங்கே வரும் ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்த உண்மை. ஆட்கள் வந்துவிட்டால் அந்த உண்மை மாறிவிடும்.

நாம் பார்க்கும் விலை ரூபாயில் இருப்பதால் வரும் சிக்கலும் உண்டு. டாலர் தங்கம் அசையாமல் இருக்க, ரூபாய் சரிந்தால் எம்சிஎக்ஸ் வரைபடத்தில் ஓர் உடைப்பு தெரியும். 2024 ஜூலை 23 அன்று நிதிநிலை அறிக்கையில் இறக்குமதி வரி 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, எம்சிஎக்ஸ் தங்கம் பத்து கிராமுக்குச் சுமார் நாலாயிரம் ரூபாய் சரிந்தது. காமெக்ஸில் அதற்கு ஈடான எதுவும் நடக்கவில்லை. அந்த உடைப்பை உலகின் எந்த அமர்வும் வந்து சோதிக்கப் போவதில்லை. வரி போனது போனதுதான், விலையும் அந்த வரி அளவுக்கு மீளாது. இப்படிப்பட்ட நாளில் அமர்வு ஒப்பீடு எதற்கும் உதவாது. உடைப்பு தெரிந்த உடனே காமெக்ஸ் வரைபடத்தைத் திறந்து, அங்கேயும் உடைந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பது இதனால்தான்.

ஒப்பந்த மாற்ற நாட்களையும் ஒதுக்கிவிடுகிறேன். காமெக்ஸில் ஒரு மாத ஒப்பந்தத்திலிருந்து அடுத்ததற்கு நிலைகளை நகர்த்தும் நாட்களில், ஒன்றை விற்று மற்றொன்றை வாங்கும் வணிகம் வால்யூமை ஊதிப் பெரிதாக்கும். விலை எங்கே போக வேண்டும் என்ற கருத்து அதில் எதுவும் இல்லை.

இன்னும் எனக்குத் தீராமல் இருப்பது இரவின் கடைசிக் கால் மணி நேரம். கோடையில் எம்சிஎக்ஸ் பதினொன்றரைக்கு மூடுகிறது. அமெரிக்க மத்திய வங்கி வட்டி முடிவை அறிவிப்பதும் சரியாக அதே பதினொன்றரைக்கு. குளிர்காலத்தில் நாம் 11.55க்கு மூடுகிறோம், அறிவிப்பு நள்ளிரவு பன்னிரண்டரைக்கு. இரண்டு பருவத்திலும் அந்த உடைப்பு நம் கதவு சாத்திய பிறகே நடக்கும். அதை ஏற்கவோ மறுக்கவோ வேண்டிய ஆசிய அமர்வும் நமக்குப் பூட்டிய கதவுக்குப் பின்னால் பாதி கடந்துவிடும். காலை ஒன்பது மணிக்கு நமக்குக் கிடைப்பது தீர்ப்பு மட்டும்தான், விசாரணையைப் பார்க்க முடியாது. ஆகவே அந்த நாட்களில், மாலை அமர்வின் உடைப்பு எவ்வளவு நன்றாக நின்றிருந்தாலும், பதினொன்றே கால் மணிக்குள் நிலையை முடித்துவிடுகிறேன்.